ஒரே கதையை மூன்று இடங்களில் ஒளித்துவைப்பது: ஓப்பன் வேர்ல்ட் கேமுக்கு என்பிசி, சைடு குவெஸ்ட், கோடெக்ஸ் எழுத ஒரு வழிகாட்டி

ஆட்டக்காரர் இஷ்டப்படி எங்கும் திரியக்கூடிய ஓப்பன் வேர்ல்ட் கேமுக்கு முதன்முறையாக எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் கோடெக்ஸில்தான், அதாவது கேமுக்குள் வாசிக்கக் கிடைக்கும் உலகக் குறிப்பேட்டில்தான், தொடங்குகிறார்கள். உலகத்தின் வரலாற்றை ஐம்பது பக்கம் எழுதிவிட்டு, பிறகு அதையே துண்டு துண்டாக வெட்டி என்பிசிகளின் வாயில், அதாவது ஆட்டக்காரர் இயக்காத பாத்திரங்களின் வாயில், திணிக்கிறார்கள். ஆட்டக்காரர் ஒரு விஷயத்தைக் காவலரிடம் கேட்கிறார், அதையே குவெஸ்ட் என்ற பணியின் முடிவில் மறுபடி கேட்கிறார், பிறகு கோடெக்ஸிலும் வாசிக்கிறார். அதற்குப் பிறகு எதையும் வாசிக்காமல் பட்டனைத் தட்டித் தாண்டிப் போகப் பழகிவிடுகிறார்.

இந்தக் கட்டுரை ஒரு சின்ன லோர் துணுக்கை, அதாவது உலகத்தின் பின்கதைத் துணுக்கை, மட்டும் எடுத்துக்கொண்டு, அதை மூன்று வடிவங்களுக்கும் எப்படிப் பங்கு போடுவது என்று முதலிலிருந்து கடைசிவரை காட்டுகிறது. என்ன தாள்கள் வேண்டும், எவ்வளவு சொற்கள் ஆகும், எதை எப்போது முடிக்க வேண்டும் என்பதும் வரும். உதாரணத்துக்கு ஒரு கற்பனை ஊர்: ஆற்றங்கரையில் ஒரு கோட்டை, அதன் அருகே உடைந்து கிடக்கும் ஒரு கல்பாலம்.

1. முதலில் உண்மைத் தாள்

ஒரே பக்கம். உண்மையில் நடந்தது என்ன என்பதை அதில் எழுதுங்கள். இது உங்களுக்கும் குழுவுக்கும் மட்டும். ஆட்டக்காரர் இதை ஒருபோதும் பார்க்கப் போவதில்லை. ஐந்து உண்மைகளுக்கு மேல் போக வேண்டாம். நம் பாலத்துக்கு:

அ. முப்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு மாதத்தின் 11ஆம் நாள் இரவு பாலம் விழுந்தது. வெள்ளம் வந்தது 13ஆம் நாள்.
ஆ. தூண்களை ஆட்கள் வெட்டிச் சாய்த்தார்கள். உளித் தடங்கள் இன்னும் இருக்கின்றன.
இ. உத்தரவிட்டவர் கோட்டைத் தளபதி. எதிரி ஆற்றைக் கடந்துவிடக் கூடாது என்பது காரணம்.
ஈ. மறுகரைக் குடியிருப்பில் 40 பேர் சிக்கிக்கொண்டார்கள்.
உ. இப்போதைய படகோட்டியின் அப்பா, தூணை வெட்டிய கல்தச்சர்களில் ஒருவர்.

இதன் கீழே இன்னொரு பட்டியல் போடுங்கள்: ஊரில் யாருக்கு எது தெரியும், யார் எதை நம்புகிறார், யார் பொய் சொல்கிறார், அந்தப் பொய்யால் அவருக்கு என்ன லாபம். படகோட்டிக்கு ஆ, உ இரண்டும் தெரியும். பாலம் இல்லாததால்தான் அவர் பிழைப்பு ஓடுகிறது. காவலருக்கு எதுவும் தெரியாது. கோட்டை சொல்வதை அப்படியே நம்புகிறார். மறுகரையில் அண்ணனை இழந்த கிழவிக்கு ஈ மட்டும் தெரியும். வெள்ளம்தான் காரணம் என்று அவரும் நம்புகிறார். சத்திரக்காரி ஏதோ சரியில்லை என்று சந்தேகப்படுகிறார், அவ்வளவுதான்.

இந்த இரண்டாவது பட்டியலைத் தவிர்த்துவிட்டு வசனம் எழுதப் போனால், எல்லா என்பிசிகளும் எழுத்தாளருக்குத் தெரிந்த அளவு தெரிந்தவர்களாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். தெருவில் நிற்கும் காவலர் வரலாற்று ஆசிரியர் மாதிரிப் பேசுவது இதனால்தான்.

2. பங்கு போடுங்கள்

நான் கடைப்பிடிக்கச் சொல்லும் விதி இது: என்பிசி நம்பிக்கையைச் சொல்லட்டும், குவெஸ்ட் தடயத்தைக் காட்டட்டும், கோடெக்ஸ் பதிவேட்டைத் தரட்டும். மூன்றில் எதுவுமே முழு உண்மையைச் சொல்லக் கூடாது. அவற்றுக்கு இடையே இருக்கும் முரணிலிருந்து ஆட்டக்காரர்தான் உண்மையைப் பிடிக்க வேண்டும்.

2002இல் வந்த மோரோவிண்ட் என்ற கேம் இதற்கு நல்ல பாடம். சிவப்பு மலைப் போரில் நெரெவார் என்ற தலைவர் எப்படி இறந்தார் என்பதற்கு அந்த உலகத்துக்குள்ளேயே ஒன்றுக்கொன்று ஒத்துவராத பல பதிவுகள் உண்டு. கோயில் ஒரு விதமாகச் சொல்கிறது, கோயிலை எதிர்ப்பவர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். எது சரி என்று கேம் தீர்ப்பு சொல்வதில்லை. யார் எழுதினார்கள், அவர்களுக்கு என்ன ஆதாயம் என்று யோசிக்கத் தொடங்கும்போதுதான் அந்த உலகம் ஆழமாகிறது.

நம் பாலத்துக்குப் பங்கு இப்படி வரும். பாலத்தின் முனையில் ஒரு கல்வெட்டு: "13ஆம் நாள் பெருவெள்ளத்தில் இப்பாலம் அழிந்தது." இது முதல் கோடெக்ஸ் பதிவு. அதிகாரபூர்வமான பொய்தான் எளிதில் கையில் கிடைக்க வேண்டும். உண்மையைத்தான் தேட விட வேண்டும். கோட்டைக் கிடங்கில் ஒரு தானியக் கணக்கு: "12ஆம் நாள். மறுகரை, 40 பேர். இன்று முதல் தானியம் இல்லை." இது இரண்டாவது பதிவு. இதில் பாலம் என்ற சொல்லே கிடையாது. வெள்ளம் வருவதற்கு முந்தைய நாளே மறுகரைக்குத் தானியம் நிறுத்தப்பட்டது ஏன் என்ற கேள்வி, இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத் தானாக எழும். தூணில் உளித் தடம் குவெஸ்ட் வழியில் கண்ணில் படும். படகோட்டியின் குடிசையில் சுவரில் மாட்டிய ஒரு பழைய உளி.

கவனித்தீர்களா, "பாலம் வெட்டப்பட்டது" என்ற மைய உண்மைக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: தூண், கணக்கு, உளி. ஓப்பன் வேர்ல்டில் ஒரு தடயத்தை ஆட்டக்காரர் தவறவிடுவது சாதாரணம். மைய உண்மைக்கு மூன்று வழி வையுங்கள். பக்கவாட்டு உண்மைக்கு ஒரு வழி போதும். படகோட்டியின் அப்பா யார் என்பது சிலருக்குத் தெரியாமலே போனாலும் குடி முழுகிவிடாது.

3. என்பிசி வசனம்: குறைவாக, நிலை மாறும்படி

நடந்துபோகும்போது காதில் விழும் வசனத்துக்கு மூன்று நான்கு நொடிதான் ஆயுள். ஏழு சொற்களுக்கு மேல் எழுதினால் பாதியில் ஆட்டக்காரர் கடந்து போய்விடுவார். ஒவ்வொரு என்பிசிக்கும் மூன்று நிலைகள் வைத்துக்கொள்ளுங்கள்: குவெஸ்டுக்கு முன், நடுவில், பின். நிலைக்கு நான்கு வரி. நான்கு பேருக்கு 48 வரிகள், ஏறத்தாழ 340 சொற்கள்.

முதல் நிலைக்கு நான்குக்குக் குறையாதீர்கள். ஆட்டக்காரர் அதிக நேரம் கேட்கப் போவது அதைத்தான். 2011இல் வந்த ஸ்கைரிமில் முழங்காலில் அம்பு வாங்கிய காவலரின் வசனம் உலகப் புகழ்பெற்ற கேலியானதற்குக் காரணம் வசனம் மோசம் என்பதல்ல; ஊருக்கு ஊர் காவலர்கள் அதையே திரும்பச் சொன்னார்கள். ஒரு வரி எவ்வளவு வித்தியாசமாக, மனதில் நிற்கும்படி இருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் திரும்ப வரும்போது உறுத்தும். ஆகவே அழகான வரியை ஒரே ஒரு முறை மட்டும் வரும்படி வையுங்கள். திரும்பத் திரும்ப வருகிற இடத்தில் சாதாரண வரிகள் இருக்கட்டும்.

தமிழில் எழுதும்போது நம் கையில் ஒரு வசதி இருக்கிறது. என்பிசி பேச்சுத் தமிழில் பேசட்டும், கல்வெட்டும் கணக்கும் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். யாருடைய குரல் என்று தனியாக விளக்காமலே தெரிந்துவிடும். கிழவி எழுத்து நடையில் பேசினால் எல்லாம் ஒரே ஆள் எழுதியது போலத் தட்டையாகிவிடும்.

4. சைடு குவெஸ்ட்: கேட்பது ஒன்று, வழியில் கிடப்பது வேறொன்று

"பாலம் ஏன் விழுந்தது என்று கண்டுபிடி" என்று குவெஸ்ட் கொடுக்காதீர்கள். அப்படிச் சொன்னவுடனே அதில் மர்மம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கிழவி கேட்பது வேறு: "அண்ணன் காப்பு ஒண்ணு அந்தக் கரையில கெடக்கும். எடுத்துட்டு வாப்பா." அவ்வளவுதான். படகில் போகிறவர் தூண்களுக்கு நடுவே மெதுவாகப் போக வேண்டியிருக்கும். நீர் வற்றிய நேரத்தில் இறங்கி நடப்பவரும் அதே தூண்களை ஒட்டித்தான் போவார். உளித் தடம் கண் மட்டத்தில், போகும் திசையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். தூணின் பின்பக்கத்தில் வைத்துவிட்டு யாருமே பார்க்கவில்லையே என்று வருந்துவது புதியவர்கள் எல்லோரும் செய்வது.

வரைபடக் குறி விஷயத்தில் எச்சரிக்கை. காப்பு கிடக்கும் துல்லியமான இடத்தில் குறி போட்டால் ஆட்டக்காரர் திரையின் மூலையிலிருக்கும் சின்ன வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே ஓடுவார். தூணைப் பார்க்க மாட்டார். மறுகரை முழுவதையும் ஒரு பெரிய வட்டமாகக் குறித்தால் போதும். குறியே இல்லாமல் விடுவதும் ஆபத்துதான். எல்டன் ரிங் 2022இல் வெளியானபோது என்பிசிகள் எங்கே நிற்கிறார்கள் என்று வரைபடம் காட்டவில்லை; சந்தித்தவர்களின் பெயரும் இடமும் வரைபடத்தில் பதியும் வசதியை அடுத்த மாதமே 1.03 பதிப்பில் சேர்த்தார்கள்.

இனி, பெரும்பாலான குவெஸ்ட்கள் உடைவது எங்கே என்று பார்ப்போம். ஓப்பன் வேர்ல்டில் எந்த வரிசையும் உங்கள் கையில் இல்லை. கிழவியைச் சந்திக்கும் முன்பே ஒருவர் மறுகரைக்குப் போய்க் காப்பை எடுத்து விற்றும்விடுவார். இன்னொருவர் படகோட்டியைக் கொன்றுவிடுவார். வேறொருவர் கணக்கை முதலில் வாசித்துவிட்டுக் கல்வெட்டைக் கடைசியில் பார்ப்பார்.

இதைச் சமாளிக்க, என்ன நடந்தது என்று கேம் நினைவில் வைக்கும் குறிகளான ஃபிளாக்குகளை இரண்டு வகையாகத் தனித்தனியே வையுங்கள். குவெஸ்ட் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது ஒன்று. ஆட்டக்காரருக்கு என்ன தெரியும் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே எண்ணில் கட்டிவைத்தால், தடத்தை ஏற்கெனவே பார்த்துவிட்ட ஆட்டக்காரரிடம் படகோட்டி "வெள்ளம்தான்" என்று சாதிப்பார், ஆட்டக்காரருக்கு மறுத்துப் பேச வழி இருக்காது. இங்க் என்ற இலவச வசன மொழியில் இது இப்படி வரும்:

```
VAR bridge_stage = 0
VAR knows_cut = false

=== boatman ===
{ knows_cut:
    தெரிஞ்சுக்கிட்டீங்களா? அப்ப மறைச்சு என்ன பண்ண.
- else:
    வெள்ளம் வந்துச்சு, பாலம் போச்சு.
}
-> DONE
```

`knows_cut` என்பதைத் தூண், கணக்கு, உளி மூன்றில் எது வேண்டுமானாலும் உண்மையாக்கலாம். கணக்கு மட்டும் தனியாக வேலை செய்யாது; கல்வெட்டையும் வாசித்திருந்தால்தான் இரண்டு தேதியும் கையில் இருக்கும். ஆகவே அங்கே நிபந்தனை இரண்டு. ஃபிளாக் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்து, வசனத்தை மட்டும் தமிழில் எழுதுங்கள்.

காப்பு முன்பே கையில் இருந்தால் கிழவியின் முதல் வரியே மாற வேண்டும்: "அது... எங்கண்ணன் காப்புல்ல?" உண்மையில் திட்டமிட்ட தொடக்கத்தைவிட இது நல்ல காட்சி, நிறைய பேர் இதைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். காப்பை விற்கவும் கீழே போடவும் முடியாதபடி செய்யுங்கள். படகோட்டி இறந்தால் உளி குடிசையிலேயே இருக்கும், மைய உண்மைக்குச் சேதமில்லை. என்பிசிகளைக் கொல்லவே முடியாதபடி செய்வது சுலபமான வழி; ஸ்கைரிமில் முக்கியமானவர்கள் பலர் அப்படித்தான், அடித்தால் மண்டியிட்டுவிட்டுத் திரும்ப எழுந்துவிடுவார்கள். மோரோவிண்ட் அதற்கு நேர்மாறு: கதைக்குத் தேவையான ஆளைக் கொன்றால் விதியின் இழை அறுந்தது என்று ஒரு செய்தி மட்டும் வரும், பழைய சேமிப்புக்குத் திரும்புவதா, அழிந்த உலகிலேயே தொடர்வதா என்பது உங்கள் பாடு. ஒரு சைடு குவெஸ்டுக்கு இரண்டும் தேவையில்லை, மாற்றுத் தடயம் போதும்.

முடிவில் ஒரு தேர்வு: கிழவியிடம் உண்மையைச் சொல்வதா, காப்பை மட்டும் கொடுப்பதா. இதன் விளைவு ஊரில் தெரிய வேண்டும். பரிசுப் பணத்தை மாற்றுவதெல்லாம் லோருக்கு உதவாது. சொன்னால், மறுநாள் கிழவி படகுத்துறையில் நிற்கிறார், படகோட்டி அவரைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொள்கிறார், கல்வெட்டில் யாரோ தேதியைச் சுரண்டியிருக்கிறார்கள். ஓர் என்பிசி இடம் மாறுவது, ஓர் அசைவு, ஒரு படம் மாறுவது, ஆறு புதிய வரிகள்: செலவு இவ்வளவுதான். பெரிய அளவில் இதைப் பார்க்க வேண்டுமென்றால் 2017இல் வந்த பிரெத் ஆஃப் த வைல்டில் டேரி டவுன் குவெஸ்டை ஆடிப் பாருங்கள். மரக்கட்டைகளைச் சேர்த்துக் கொடுத்து, பல இனத்தவரையும் ஒவ்வொருவராக அழைத்துவர, வெறும் பாறைத் திட்டு ஊராகிறது. அந்த இனங்கள் சேர்ந்து வாழ முடியும் என்பதைக் கேம் எங்கும் சொற்பொழிவாகச் சொல்வதில்லை, ஊரைக் கண்முன் காட்டுகிறது.

5. கோடெக்ஸ்: யார் எழுதியது என்று முடிவு செய்த பிறகே முதல் சொல்

மூன்று பதிவுகள் போதும்: கல்வெட்டு, தானியக் கணக்கு, "உடைந்த பாலம்" என்ற இடக் குறிப்பு. முதல் இரண்டும் உலகத்துக்குள் யாரோ எழுதியவை. மூன்றாவதுதான் சிக்கலானது. அதை எல்லாம் தெரிந்த குரலில் எழுதினால், இதுவரை ஒளித்துவைத்த அத்தனையும் ஒரே பத்தியில் கொட்டிவிடும்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குறிப்பை எழுதுபவரை ஒரு பாத்திரமாக்குவது. 2015இல் வந்த விட்சர் 3இல் பாத்திரக் குறிப்புகள் டாண்டிலியன் என்ற பாடகனின் நடையில் எழுதப்பட்டவை; கதை நகர நகர அவற்றில் புதிய பத்திகள் சேரும். மற்றொன்று, ஆட்டக்காரருக்குத் தெரிந்தது மட்டும் வரியாகச் சேர்வது. 2019இல் வந்த அவுட்டர் வைல்ட்ஸில் விண்கலப் பதிவேடு இந்த வகை: கண்டுபிடித்தவை சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சேரும், எந்த இடம் எதோடு தொடர்புடையது என்று கோடுகள் காட்டும், ஓரிடத்தில் இன்னும் பார்க்க வேண்டியது இருந்தால் அதையும் சொல்லும். ஆனால் முடிவுக்கு வருவதை ஆட்டக்காரரிடமே விட்டுவிடும். பாலத்துக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்: "தூணில் உளித் தடம் இருக்கிறது." "தானியம் 12ஆம் நாளே நிற்கிறது." அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். பழைய வரியை அழித்துப் புதியதை எழுதாதீர்கள், கீழே சேருங்கள். பொய்யும் அங்கேயே இருந்தால்தான் முரண் தெரியும்.

நீளம் பதிவுக்கு 90 சொல்லைத் தாண்ட வேண்டாம். முதல் இரண்டு வரியை மட்டும் வாசித்தாலும் பொருள் நிறைய வேண்டும், ஏனென்றால் பலர் அதோடு மூடிவிடுவார்கள். சண்டை நடக்கும்போது "புதிய பதிவு" என்ற அறிவிப்பு வராதபடி தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் மூன்று அறிவிப்பு வந்தால் ஒன்றும் திறக்கப்படாது.

6. சொல் கணக்கும் கால வரிசையும்

தெரு வசனம் 340 சொற்கள், குவெஸ்ட் உரையாடல் 700, கோடெக்ஸ் 270. மொத்தம் 1,310. இதில் குரல் பதிவு தேவைப்படுவது முதல் இரண்டும், அதாவது 1,040. உரக்க வாசித்து நேரம் பாருங்கள். கிடைக்கும் நிமிடங்கள்தான் ஒலிப்பதிவுக் கூடத்தில் பேரம் பேச அடிப்படை. இன்னொரு மொழி சேர்ந்தால் 1,310 சொற்களும் மொழிபெயர்ப்புக்குப் போகும், குரலும் அந்த மொழியில் வேண்டுமென்றால் 1,040 சொற்கள் மறுபடி பதிவாகும்.

இங்கே ஒரு நடைமுறை நுணுக்கம் உண்டு. பதிவான குரலை மாற்ற நடிகரைத் திரும்ப அழைக்க வேண்டும். கோடெக்ஸ் எழுத்தை மாற்ற ஒரு கோப்பைத் திருத்தினால் போதும். ஆகவே மாறக்கூடிய விவரங்களான தேதி, எண்ணிக்கை, பெயர் எல்லாம் கோடெக்ஸில் இருக்கட்டும். கிழவி "நாப்பது பேர்" என்று சொல்லாமல் "அத்தனை பேரும்" என்று சொன்னால், பிறகு 40 என்பது 60 ஆனாலும் தலைவலி இல்லை. 2007இல் வந்த மாஸ் எஃபெக்டில் முதன்மைக் கோடெக்ஸ் பதிவுகளுக்குக் குரல் உண்டு, துணைப் பதிவுகளுக்குக் கிடையாது. எதற்குக் குரல் தருவது என்று தேர்ந்தெடுக்கலாம் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

வரிசை இப்படி இருக்கட்டும்: உண்மைத் தாள், ஃபிளாக் பட்டியல், தற்காலிக வசனத்தோடும் தற்காலிகக் கோடெக்ஸோடும் ஆடக்கூடிய குவெஸ்ட், சோதனை, வசனத் திருத்தம், குரல் பதிவு, கடைசியாகக் கோடெக்ஸின் இறுதி வடிவம். சோதனைக்கு முன் குரல் பதிவுக்குப் போகவே கூடாது. ஒவ்வொரு வரிக்கும் மாறாத ஓர் அடையாள எண் கொடுத்து, யார் பேசுகிறார், எந்த நிலை, எந்த ஃபிளாக் என்று ஒரே அட்டவணையில் வையுங்கள். நடிகரும் மொழிபெயர்ப்பாளரும் வசனத்தைக் கேமுக்குள் பார்ப்பதில்லை, அட்டவணையில்தான் பார்க்கிறார்கள். "அப்ப மறைச்சு என்ன பண்ண" என்பதைக் கோபமாகச் சொல்வதா, சோர்வாகச் சொல்வதா என்று அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

7. ஆறு வரிசையிலும் ஆடிப் பாருங்கள்

கிழவி, தூண், கணக்கு என்ற மூன்றையும் ஆறு வரிசைகளில் சந்திக்கலாம். ஆறையும் நீங்களே ஆடுங்கள். கல்வெட்டை வாசித்தும் வாசிக்காமலும் ஒருமுறை, படகோட்டியைக் கொன்றுவிட்டு ஒருமுறை. எந்த ஓட்டத்திலாவது ஓர் என்பிசி ஆட்டக்காரருக்குத் தெரிந்ததைப் புதுச் செய்தி போலச் சொன்னால், அந்த வரிக்கு `knows_cut` நிபந்தனை விடுபட்டிருக்கிறது.

பிறகு கதை தெரியாத ஐந்து பேரிடம் கொடுங்கள். முடித்ததும் "பிடித்திருந்ததா" என்று கேட்காதீர்கள். பாலம் எப்படி விழுந்தது, அது எப்படித் தெரியும், யார் பொய் சொன்னார் என்று கேளுங்கள். ஐவரும் "வெள்ளம்" என்றால் தூண் கண்ணில் படவில்லை. தடத்தை வழிக்கு நேராகத் திருப்புங்கள். ஐவரும் சரியாகச் சொல்லி, "எப்படித் தெரியும்" என்பதற்கு ஒரே என்பிசியின் பெயரைச் சொன்னால், அவர் அதிகம் பேசிவிட்டார். அவருடைய வரியில் பாதியை வெட்டுங்கள். விடை சரியாக இருந்தும் ஆளுக்கு ஒரு தடயத்தைச் சொன்னால் வசனத்தை அதோடு பூட்டிக் குரல் பதிவுக்கு அனுப்பலாம்.